99.9 சதவீதம் என்ற எண்ணை நம்பி வழக்குக்குப் போகாதீர்கள்

கேள்வி: ஐயா, நான் ஜெர்மனியில் உடற்பயிற்சியாளர்களுக்கான சப்ளிமென்ட் விற்கிறேன். அமெரிக்க விற்பனையாளர் ஒருவரிடம், 99.9 சதவீதத் தூய்மை என்ற சான்றிதழுடன் 2 டன் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் வாங்கினேன். பாதியை என் பெயரில் டப்பாவில் அடைத்து விற்றுவிட்டேன். மூன்று மாதம் கழித்து இங்குள்ள ஆய்வகத்தில் சோதித்தால், கிரியேட்டின் 87.6 சதவீதம்தான், டைசயன்டயமைடு என்ற மாசுப்பொருள் கிலோவுக்கு 180 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. பத்து வருடப் பழக்கத்தை நம்பி வாங்கியவனை ஏமாற்றிவிட்டார். கேட்டால், "எங்கள் நாட்டில் இது செல்லும்" என்கிறார். முழுப் பணத்தையும் திரும்பப் பெற முடியுமா?

பதில்: பத்து வருடப் பழக்கத்துக்கும் அவர் பேசிய விதத்துக்கும் இந்த வழக்கில் இடமில்லை. நான் பார்க்க விரும்புவது ஒரே ஒரு தாளைத்தான்: நீங்கள் அனுப்பிய கொள்முதல் ஆணையில் டைசயன்டயமைடு என்ற சொல்லும் அதற்கான வரம்பும் இருக்கின்றனவா? இருந்தால் உங்கள் வழக்கு நிற்கும். "கிரியேட்டின் மோனோஹைட்ரேட், 99.9 சதவீதம்" என்று மட்டும் இருந்தால், நீங்கள் கேட்ட சரக்கையே அவர் அனுப்பியிருக்கிறார் என்று சொல்ல அவருக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது.

முதலில் 87.6 என்ற எண்ணை விட்டுவிடுங்கள். மோனோஹைட்ரேட்டின் எடையில் ஏறக்குறைய 12 சதவீதம் படிகத்தோடு பிணைந்த நீர் என்பதால், கலப்படமே இல்லாத மோனோஹைட்ரேட்டைச் சோதித்தாலும் கிரியேட்டின் 87.9 சதவீதம்தான் வரும். உங்கள் ஆய்வகம் கிரியேட்டினைத் தனியாகக் கணக்கிட்டிருக்கிறது, சான்றிதழோ நீரைக் கழித்துவிட்டு எஞ்சிய பொருளின் தூய்மையைச் சொல்கிறது. 87.6-ஐ 87.9-ஆல் வகுத்தால் 99.7 சதவீதம் வருகிறது. மீதமுள்ள வித்தியாசம் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும். இந்த எண்ணை வைத்து "12 சதவீதம் கலப்படம்" என்று வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினால், எதிர்த்தரப்பு வேதியியலாளர் முதல் பதிலிலேயே உங்கள் நம்பகத்தன்மையைக் காலி செய்துவிடுவார்.

180 என்ற எண்ணில் உண்மையான பிரச்சினை இருக்கிறது. ஆனால் 180 மில்லிகிராம் என்பது 0.018 சதவீதம். 99.9 சதவீதத் தூய்மை என்று எழுதினால் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் வரை வேறு பொருள்கள் இருக்க இடம் கொடுத்ததாக ஆகிறது. ஆகவே அவருடைய சான்றிதழும் உங்கள் ஆய்வறிக்கையும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். கிரியேட்டினைப் பெரும்பாலும் சார்கோசின் உப்பையும் சயனமைடையும் நீரில் வினைபுரியவைத்துத் தயாரிக்கிறார்கள். வினையின்போது சயனமைடு மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்தால் டைசயன்டயமைடு உருவாகிறது. வெப்பநிலையையும் அமிலத்தன்மையையும் கட்டுப்படுத்தி, படிகங்களை நன்றாகக் கழுவி, தேவைப்பட்டால் மறுபடிகமாக்கினால் அது குறையும். ஒவ்வொரு கழுவலிலும் சரக்கு கொஞ்சம் கரைந்து போவதால், கேட்காத வாடிக்கையாளருக்காக உற்பத்தியாளர் அந்த இழப்பை ஏற்பதில்லை.

நாட்டுக்கு நாடு தூய்மை மாறுவதற்கு இதுவே காரணம். அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சப்ளிமென்டுகளுக்கு விற்பனைக்கு முந்தைய அனுமதி தேவையில்லை. உற்பத்தி விதிகளும் தூய்மைக்கும் மாசுக்குமான வரம்புகளை உற்பத்தியாளரே வகுத்துக்கொள்ளும்படி விடுகின்றன. கனடாவில் உரிமம் பெற்று, அதன் எண்ணை அச்சிட்ட பிறகுதான் விற்க முடியும். ஐரோப்பாவில் 2004-இல் கிரியேட்டின் பற்றி உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் நிபுணர் குழுக் கருத்து வெளியானது. டைசயன்டயமைடுக்கு அதையொட்டிப் பேசப்படும் அளவு கிலோவுக்கு 50 மில்லிகிராம். ஆனால் அது பரிந்துரை. சப்ளிமென்டுகளுக்கான ஐரோப்பியப் பொது விதிகள் வைட்டமின், தாது ஆகியவற்றை மட்டுமே ஒருங்கிணைத்திருக்கின்றன. 2011-இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில் சந்தையில் வாங்கிய 33 மாதிரிகளில் ஏறக்குறைய பாதி, ஏதாவது ஒரு மாசுப்பொருளில் அந்தப் பரிந்துரைகளைத் தாண்டியிருந்தன.

"ஜெர்மனியில் விற்கத்தான் வாங்குகிறேன் என்று அவருக்குத் தெரியும்" என்பீர்கள். அது போதாது. உங்கள் ஒப்பந்தத்தில் விலக்கப்படாதவரை, சரக்கு விற்பனை குறித்த 1980-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை உங்கள் இருவரையும் கட்டுப்படுத்தும். இதன்கீழ் ஜெர்மானிய உச்ச நீதிமன்றம் 1995 மார்ச் 8 அன்று அளித்த தீர்ப்பு உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானது. சுவிஸ் விற்பனையாளர் ஒருவர் நியூசிலாந்து சிப்பிகளை ஜெர்மனிக்கு அனுப்பினார். அவற்றின் காட்மியம் அளவு ஜெர்மானியச் சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவைத் தாண்டியிருந்தது. வாங்குபவர் நாட்டின் தனி விதிகள் விற்பவருக்குத் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது, சரக்கு எங்கே போகிறது என்று தெரிந்திருப்பது மட்டும் போதாது என்று சொல்லி நீதிமன்றம் வாங்கியவரைத் தோற்கடித்தது. அதே சரக்கைப் பொதிந்த விதத்தில் இருந்த குறை பற்றிய புகாரும் ஆறு வாரத்துக்கு மேல் தாமதமானதால் ஏற்கப்படவில்லை. நீங்கள் சோதித்ததே மூன்று மாதம் கழித்து. மாசு கண்ணுக்குத் தெரியாதது, ஆகவே உடனே கண்டுபிடிக்க முடியவில்லை என்று வாதாடலாம். ஆனால் சரக்கு இறங்கியவுடன் ஒரு மாதிரி எடுத்து ஏன் ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை என்ற கேள்விக்கு, வியாபாரம் செய்பவரிடமிருந்து வரக்கூடிய நல்ல பதில் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. விற்பவருக்கு அந்தக் குறை முன்பே தெரிந்திருந்தால், அல்லது தெரியாமல் இருந்திருக்கவே முடியாது என்றால், தாமதம் அவருக்குப் பாதுகாப்பாகாது. ஆகவே உற்பத்தியாளரின் அந்தத் தொகுதிக்கான முழு ஆய்வறிக்கையை எழுத்தில் கேளுங்கள். மேலும், பாதிச் சரக்கை விற்றுப் பலன் பெற்ற பிறகு முழுப் பணத்தைக் கேட்பது எடுபடாது.

என்னிடம் வருபவர்கள் உண்மையில் சிக்குவது வேறோர் இடத்தில். விற்பவரோடு மின்னஞ்சலில் சண்டை போட்டுக்கொண்டே, மீதிச் சரக்கையும் டப்பாவில் அடைத்து விற்றுவிடுகிறார்கள். உங்கள் கையில் இப்போது தேதியிட்ட ஆய்வறிக்கை இருக்கிறது. ஐரோப்பியப் பொது உணவுச் சட்டத்தில் பொறுப்பு இறக்குமதியாளரான உங்கள்மீது விழுகிறது. சரக்கு பாதுகாப்பானதல்ல என்று கருதக் காரணம் இருந்தால் உடனே திரும்பப் பெற்று அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டியவரும் நீங்களே. டைசயன்டயமைடின் நச்சுத்தன்மை குறைவு, ஒரு நாளில் 5 கிராம் எடுப்பவர் உடலுக்குள் போவது 0.9 மில்லிகிராம்தான் என்பதால், பாதுகாப்புக் கேள்விக்கு உங்களுக்குச் சாதகமான பதில் கிடைக்கலாம். ஆனால் அந்தப் பதிலை எழுத்தில் ஒரு நிபுணர் தர வேண்டும், அதுவரை விற்பனை நிற்க வேண்டும். அறிக்கைக்குப் பிறகும் விற்றால் அது அறிந்தே செய்த செயலாகிவிடும், விற்பவர்மீது நீங்கள் போடும் வழக்கில் அதே அறிக்கை உங்களுக்கு எதிரான சான்றாகத் திரும்பும். உங்கள் டப்பாவில் "மிக உயர்ந்த தூய்மை" என்பதுபோல் எழுதியிருந்தால், தவறாக வழிநடத்தும் குறிப்பு என்று போட்டி நிறுவனத்தின் அறிவிப்பு தனியாக வரும். என் கட்சிக்காரர் ஒருவருக்கு விற்பவரிடமிருந்து பதில் வருவதற்கு முன்னால் அதுதான் வந்தது.

ஆகவே சமரசத்துக்குப் போங்கள். திறக்காத பீப்பாய்களை அவர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது அந்தப் பங்குக்கு விலை குறைக்க வேண்டும். விற்ற பாதிக்குக் கேட்காதீர்கள். ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் இரு தரப்பும் முத்திரையிட்ட மாதிரி எடுக்காமல் எதையும் அனுப்பாதீர்கள். அடுத்த ஆணையில், டைசயன்டயமைடு கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள், கிரியேட்டினின் என்ற மாசு 100-க்குள், டைஹைட்ரோட்ரையசின் என்ற மாசு கண்டறிய முடியாத அளவில் என்று எழுதி, எந்த ஆய்வகம், எந்த முறை, எந்தத் தொகுதி எண் என்பதையும் குறிப்பிட்டு, சோதனை முடிவு வந்த பிறகே பணம் என்று கையெழுத்து வாங்குங்கள். அவர் அதற்கு மறுத்தால் அந்த ஆணையை அனுப்பாதீர்கள்.