மஞ்சள் வீடியோவுக்குத் திரையில் எந்த எழுத்து?

"கோபி பக்கம் மஞ்சள் விவசாய வீடியோ போடறேனுங்க. திரையில வர்ற வரியைத் தமிழ் எழுத்துல வைக்கறதா, இங்கிலீஷ் எழுத்துல தமிழா? பெங்களூர்ல வளர்ந்த பசங்களும் பார்க்கறாங்க."

திரையில் தமிழ் எழுத்தையே வையுங்க. `kalai marundhu` என்று போட்டால் ஒருவர் களை மருந்து என்பார், இன்னொருவர் காலை மருந்து என்பார். மருந்து அளவு சொல்லும் வீடியோவில் இந்தக் குழப்பம் ஆபத்து. தமிழ் படிக்கிறவருக்கு அதை எழுத்துக்கூட்டிப் புரிந்துகொள்வதற்குள் வரியே மறைந்துவிடும்.

ஆனால் தமிழ் எழுத்து இடம் கேட்கும். ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல், அதிகம் போனால் இரண்டு வரி. ரொம்பத் தடித்த எழுத்துரு வேண்டாம், சின்ன அளவில் புள்ளி எழுத்தோடு ஒட்டி க், க ஆகிவிடும். மஞ்சள் காட்டின் பச்சை இலைமேல் வெள்ளை எழுத்து கரையும், பின்னால் கறுப்புப் பட்டை கொடுங்க. ஏற்றும் முன் போனைக் கை நீட்டிப் பிடித்து, வெயிலில் படித்துப் பாருங்க. அங்கே புள்ளி தெரிந்தால் போதும்.

பெங்களூர் பசங்களுக்கு ஆங்கில எழுத்து வரியைத் தனி சப்டைட்டிலாக ஏற்றுங்க; வேண்டியவர் போட்டுக்கொள்வார். தேடுகிறவர்கள் `manjal` என்றும் தட்டுவார்கள், அதைத் தலைப்பில் சேருங்க.