உற்பத்திக் கணக்கில் முடிவுறாத வேலை எந்த இடத்தில் வரும்?

கேள்வி: தொடக்க, இறுதி முடிவுறாத வேலையை மூலப்பொருள் சரக்கோடு சேர்த்துப் போட்டேன். ஒரு கணக்கில் விடை சரியாக வந்தது, அடுத்ததில் வரவில்லை. ஏன்?

கணக்குப் பாடம் எடுப்பவன் என்பதால் இதே தவறை விடைத்தாள்களில் அடிக்கடி பார்க்கிறேன். விடை சில சமயம் சரியாக வந்துவிடுவதால்தான் இது கண்ணில் படாமல் போகிறது.

ஒரு கணக்கையே போட்டுப் பார்ப்போம். பயன்படுத்திய மூலப்பொருள் 3,10,000, நேரடிக் கூலி 1,80,000, உரிமத்தொகை 10,000. ஆக முதன்மை அடக்கம் 5,00,000. தொழிற்சாலை மேற்செலவு முதன்மை அடக்கத்தில் 30%, அதாவது 1,50,000. கூட்டினால் 6,50,000. தொடக்கத்தில் முடிவுறாத வேலை 30,000, இறுதியில் 45,000. முதலாவதைக் கூட்டி, இரண்டாவதைக் கழித்தால் உற்பத்தியான பொருட்களின் அடக்கம் 6,35,000.

இப்போது நீங்கள் செய்தது போல, முடிவுறாத வேலையை மூலப்பொருளிலேயே சேர்த்துவிடுவோம். பயன்படுத்திய பொருள் 2,95,000 என்று குறைகிறது, முதன்மை அடக்கம் 4,85,000 ஆகிறது. மேற்செலவு 1,50,000 என்று கேள்வியிலேயே நேராகக் கொடுத்திருந்தால் கடைசியில் அதே 6,35,000 வந்துவிடும். நடுவில் உள்ள முதன்மை அடக்கம்தான் தப்பு. சதவீதமாகக் கொடுத்திருந்தால் மேற்செலவு 1,45,500 ஆகி, விடை 6,30,500 என்று 4,500 குறைந்து நிற்கும். உங்கள் இரண்டாவது கணக்கில் அநேகமாக இதுதான் நடந்திருக்கும்.

பாதி முடிந்த பொருள் வெறும் மூலப்பொருள் அல்ல. அதன்மேல் கூலி ஏறியிருக்கிறது, இயந்திரம் ஓடியிருக்கிறது, மேற்பார்வையாளர் சம்பளத்திலும் அதற்கு ஒரு பங்கு உண்டு. அந்த 45,000-க்குள் மேற்செலவும் அடங்கியிருப்பதால், மேற்செலவைச் சேர்த்த பிறகுதான் அதைக் கழிக்க முடியும். தொடக்க முடிவுறாத வேலையும் அப்படித்தான். போன வருடம் அதற்காகச் செய்த செலவு, அது முடிந்து வெளிவரும் இந்த வருடத்தின் அடக்கத்தில் சேர்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. 'முடிவுறாத வேலை முதன்மை அடக்கத்தில் மதிப்பிடப்பட்டது' என்று கேள்வி சொன்னால், மேற்செலவைச் சேர்க்கும் முன்பே சரிசெய்யுங்கள். அந்த ஒற்றை வரியைப் படிக்காமல் தாண்டிப் போனவர்கள் நிறைய.

இன்னொன்று, கூட்டல் கழித்தலை மாற்றிப் போடுவது. 30,000-ஐக் கழித்து 45,000-ஐக் கூட்டினால் 6,65,000 வரும். சரியான விடையிலிருந்து 30,000 தள்ளி இருக்கிறது. இரண்டு முடிவுறாத வேலைக்கும் உள்ள வித்தியாசம் 15,000, அதன் இரு மடங்கு இது. உங்கள் விடை இப்படி இரு மடங்கு தள்ளி இருந்தால் குறி மாறிவிட்டது. சரியாக 15,000 மட்டும் தள்ளி இருந்தால் சரிக்கட்டவே மறந்துவிட்டீர்கள்.

அப்புறம், முடிந்த பொருட்களின் சரக்கை இந்தக் கணக்குக்குள் கொண்டுவராதீர்கள். அது வியாபாரக் கணக்குக்கு உரியது. இந்த 6,35,000 அங்கே போன பிறகுதான் அதற்கு வேலை.