ஃப்ரீசர் குடோனில் விரல் மரத்துப்போவது பற்றி

"மதுரை பக்கம் ஐஸ்கிரீம் குடோன்ல லோடு ஏத்துறேன். உள்ளே மைனஸ் 20. ரெண்டு ஸ்வெட்டர், மேல ஜாக்கெட் போட்டும் அரை மணியில விரல் மரத்துப்போகுது. என்ன செய்ய?"

தம்பி, மூன்றாவது ஸ்வெட்டர் வாங்கிவிடாதீர்கள். வெளியே வந்ததும் உள்பனியனைப் பிழிந்து பாருங்கள். ஈரமாக இருந்தால் காரணம் அதுதான். நம்ம ஊர் வெயிலில் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு லாரி அருகே நின்றாலே வேர்த்துவிடும். பருத்தி அந்த வேர்வையை விடாது. உள்ளே போனதும் ஈரம் உடல் சூட்டை இழுக்க, உடம்பு வயிற்றையும் நெஞ்சையும் காப்பாற்ற விரலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும்.

அதனால் ஜாக்கெட்டைக் குடோன் வாசலுக்கு வந்து, உள்ளே போகும்போது மட்டும் மாட்டுங்கள். பெட்டி தூக்கும்போது ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி, நிற்கும்போது ஏற்றுங்கள். ஸ்வெட்டருக்கு அடியில் பருத்திக்குப் பதில் பாலியெஸ்டர் பனியன் போடுங்கள். கையுறையும் காலுறையும் இரண்டு செட் வேண்டும். ஒன்று வெயிலில் காயட்டும். குளிர்காற்று ஊதும் ஃபேனுக்கு எதிரே நிற்கவேண்டாம்.

மைனஸ் 18 முதல் மைனஸ் 30 வரையான குளிரில் தொடர்ந்து ஒன்றரை மணி, பிறகு அரை மணி ஓய்வு என்பது ஜெர்மன் தர விதி. அது சரியான உடை போட்டவர்களுக்கு. உங்களுக்கு அரை மணியிலேயே மரத்தால் அப்போதே வெளியே வாருங்கள். ஓய்வில் ஈர பனியனை மாற்றாவிட்டால் அடுத்த சுற்றில் இன்னும் சீக்கிரம் மரத்துவிடும்.

விரல் வெளுத்து, மெழுகு போல விறைத்தால் தேய்க்கவேண்டாம். கொதிநீரும் கூடாது, உணர்ச்சி இல்லாத விரல் வெந்தாலும் தெரியாது. வெதுவெதுப்பான நீரில் வைத்தபடி மருத்துவரிடம் கிளம்ப ஏற்பாடு செய்யுங்கள்.