பாலைக்குத் தெய்வம் யார்?

கேள்வி: கல்லூரியில் சமய வரலாறு படிக்கிறேன். முல்லைக்குத் திருமால், குறிஞ்சிக்கு முருகன், மருதத்துக்கு இந்திரன், நெய்தலுக்கு வருணன், பாலைக்குக் கொற்றவை, இப்படி ஐந்து நிலத்துக்கும் ஐந்து தெய்வங்களைத் தொல்காப்பியம் வகுத்து வைத்தது, மக்கள் அந்தந்தத் தெய்வத்துக்குக் கோயில் கட்டிக் கும்பிட்டார்கள் என்று தேர்வில் எழுதினால் போதுமா?
- ஒரு மாணவி, தேனி

பதில்: போதாது. முதல் வரியிலேயே ஒரு தவறு இருக்கிறது. தொல்காப்பியத்தை எடுத்து அகத்திணையியலில் அந்த நூற்பாவைப் படித்துப் பாருங்கள். 'மாயோன் மேய காடுறை உலகமும், சேயோன் மேய மைவரை உலகமும், வேந்தன் மேய தீம்புனல் உலகமும், வருணன் மேய பெருமணல் உலகமும்' என்று நான்கு நிலம், நான்கு தெய்வத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பாலை அங்கே இல்லை, ஏனென்றால் தொல்காப்பியர் பாலைக்குத் தனியாக நிலமே ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து கெட்டால் அதுதான் பாலை என்று பிறகு சிலப்பதிகாரம் விளக்குகிறது. கொற்றவையைத் தொல்காப்பியர் சொல்லாமல் இல்லை, ஆனால் புறத்திணையியலில், ஆநிரை கவரும் வெட்சித் திணையை ஒட்டிச் சொல்கிறார். பாலை நிலத்து வேட்டுவர்களான எயினர் கொற்றவைக்குப் பலியிட்டு ஆடுவது சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் விரிவாக வருகிறது. நீங்கள் மனப்பாடம் செய்த ஐந்து வரி அட்டவணை, வேறு வேறு காலத்து நூல்களிலிருந்து எடுத்து ஒட்டியது.

சரி, அட்டவணையை விட்டுவிட்டுப் பாட்டுக்குள் போவோம், வழிபாடு அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. குறிஞ்சியில் ஒரு பெண் காதலில் மெலிந்து போகிறாள், காரணம் தெரியாத தாய் முருகு அணங்கியது, அதாவது முருகன் பிடித்து வருத்துகிறான் என்று நினைத்து, முருகனுக்குப் பூசை செய்யும் வேலனை அழைக்கிறாள். வேலன் குறி பார்க்கும் கழங்குக் காய்களைப் போட்டுப் பார்த்து ஆமாம், முருகுதான் என்கிறான். வீட்டு முற்றத்தில் மணல் பரப்பிக் களம் இழைக்கிறார்கள், ஆட்டு மறியை அறுத்து அந்தக் குருதியில் தினையைக் கலந்து தூவுகிறார்கள், கடம்பு சூடிய வேலன் மேல் தெய்வம் இறங்கி ஆடுகிறது. இதுதான் வெறியாட்டு. கோயில் எங்கே இருக்கிறது இதில்? வீட்டு முற்றம்தான் கோயில், அதுவும் அந்த ஓர் இரவுக்கு.

நற்றிணை 34-ஆம் பாட்டில் தோழி அந்த முருகனிடமே நேராகப் பேசுகிறாள். இவள் நோய் உன்னால் வந்ததில்லை என்று தெரிந்தும் வேலன் கூப்பிட்டான் என்று வந்து நிற்கிறாயே, 'கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே' என்கிறாள். கடவுளாகவே இரு, ஆனாலும் நீ அறியாதவன்தான், வாழ்க! தெய்வத்தை நம்பிய ஒரு சமூகம்தான் இவ்வளவு உரிமையோடு அதனிடம் பேசியிருக்கிறது. எனக்கு இந்தப் பாட்டு எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை.

நெய்தலுக்கு வாருங்கள். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகவில்லை. சினைச் சுறாவின் கொம்பை வீட்டு மணலில் நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றி வணங்கிவிட்டு, தாழம்பூ சூடி, பனங்கள் குடித்து ஆடுகிறார்கள். அந்த இடத்தில் வருணன் என்ற பெயரே இல்லை. 'வல்லணங்கு' என்றுதான் புலவர் சொல்கிறார். அணங்கு என்பது வருத்தக்கூடிய வலிமை உள்ள ஒன்று, கொம்பிலும் இருக்கும், மலையிலும் இருக்கும், சுனையிலும் இருக்கும். இலக்கணம் நிலத்துக்கு ஒரு பெயரைத் தருகிறது, மக்களோ தங்கள் பிழைப்பு எதில் இருக்கிறதோ, பயம் எதில் இருக்கிறதோ அதைக் கும்பிடுகிறார்கள். தேர்வில் நீங்கள் எழுத வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

அப்புறம் பாலை. அந்த வழிகளில் பாட்டுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது நடுகல். அகநானூறு 131-இல், கவர்ந்து போன ஆநிரையை மீட்கச் சண்டையிட்டு இறந்தவர்களுக்கு வழிதோறும் கல் நட்டு, பெயரும் பெருமையும் எழுதி, மயில்பீலி சூட்டியிருக்கிறார்கள். புறநானூறு 335 இன்னும் ஒரு படி மேலே போய், இந்தக் கல்லை அல்லாமல் நெல் தூவி வணங்கும் கடவுள் வேறு இல்லை என்றே சொல்லிவிடுகிறது.

நீங்கள் தேனிக்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். உங்கள் மாவட்டத்தில் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. கிறிஸ்துவுக்கு முற்பட்டவை என்று கணிக்கப்பட்டவை. அதில் ஒன்றில் கூடலூர் 'ஆகோள்' என்று வெட்டியிருக்கிறது, ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்தவனுக்கு வைத்த கல் அது. வெட்சித் திணையின் துறைகளில் தொல்காப்பியர் எழுதிய அதே 'ஆகோள்' என்ற சொல். பதிலில் அந்தக் கல்லைக் கட்டாயம் எழுதுங்கள்.