மட்டி சமைக்கும் முன் உயிரோடு இருக்க வேண்டியது ஏன்?

"மட்டி, கல்லுமேக்காய் எல்லாம் சமைக்கும்வரை உயிரோடு இருக்க வேண்டும் என்கிறார்களே, ஏன்? அப்படியானால் உயிருள்ள சிப்பியைப் பச்சையாகச் சாப்பிடலாமா?"

இவை கடல்நீரை வடிகட்டி உண்ணும் இரட்டை ஓட்டு உயிரினங்கள். நீரிலுள்ள பாக்டீரியாக்களும் வைரஸ்களும் இவற்றின் உடலில் சேரும். இறந்தவுடன் எதிர்ப்பு நின்றுபோவதால், குடலோடு ஓட்டுக்குள்ளேயே கிடக்கும் ஈரச் சதையில் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகுகின்றன.

உயிர் இருக்கிறதா என்பதை ஓடே காட்டிவிடும். கீலில் உள்ள மீள்நார் ஓட்டை எப்போதும் திறக்கவே தள்ளுகிறது. உள்ளே உள்ள தசைதான் அதை இழுத்து மூடி வைக்கிறது. சுருள்வில் பொருத்திய டப்பாவின் மூடியைக் கையால் அமுக்கிப் பிடிப்பது போன்றது இது: கை தளர்ந்தால் மூடி எழும்பும். ஆகவே வாய் திறந்திருக்கும் மட்டியை விரலால் தட்டிப் பாருங்கள். மெல்ல மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது, அசையாவிட்டால் எறிந்துவிட வேண்டும். ஓடு உடைந்ததையும் தயங்காமல் ஒதுக்குங்கள்.

ஆனால் உயிர் இருப்பது கெட்டுப்போகவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. நலமாக இருக்கும் சிப்பியிலும் விப்ரியோ பாக்டீரியாவும் நோரோவைரஸும் இருக்கலாம்; நிறமோ மணமோ அதைக் காட்டாது. கல்லீரல் நோயாளிகளுக்கு விப்ரியோ உயிருக்கே ஆபத்தானது என்பதால், அவர்கள் பச்சைச் சிப்பியைத் தொடவே கூடாது.

எலுமிச்சைச் சாறோ காரமான சாஸோ ஊற்றினால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புவது தவறு. நன்றாக வேகவைக்கும் சூடுதான் அவற்றைக் கொல்லும்.