எர்த் எங்கே கட்ட வேண்டும், எங்கே கட்டக் கூடாது: சோலார் இன்வெர்ட்டர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி எர்த்தைச் சுற்றியே இருந்தன. எல்லாமே மாடியில் பேனல் போட்டு, மின்வாரிய லைனோடு இணைத்த வீடுகளின் கதை. பேட்டரியோடு ஹாலில் உட்கார்ந்திருக்கும் இன்வெர்ட்டரைப் பற்றி இங்கே பேசவில்லை.

மழை பெய்தால், கசிவைக் கண்டு லைனைத் துண்டிக்கும் வீட்டு ஆர்சிசிபி டிரிப் ஆகிறது. வெயில் அடித்துப் பேனல் காய்ந்தால் சரியாகிவிடுகிறது. 5 கிலோவாட், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஒரு பேஸ் இன்வெர்ட்டர். இன்வெர்ட்டர் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பேனலை இப்படிக் கற்பனை செய்து பாருங்கள்: உள்ளே மின்சாரம் ஓடும் செல்கள், வெளியே எர்த் செய்த அலுமினிய ஃப்ரேம், நடுவில் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும். இரண்டு கடத்திகளுக்கு நடுவே ஒரு காப்பு என்றால் அதுதான் கெபாசிட்டர். யாரும் வாங்கி வைக்காமலே உங்கள் மாடியில் ஒரு பெரிய கெபாசிட்டர் இருக்கிறது. சாதாரண சிலிக்கான் பேனல்களில் ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 50 முதல் 150 நானோ ஃபாரட் வரை வரும்.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஒரு பேஸ் இன்வெர்ட்டரில் பேனல் பக்கமும் லைன் பக்கமும் உள்ளே நேராகவே இணைந்திருக்கின்றன. அதனால் மொத்தப் பேனல் வரிசையும் எர்த்தை ஒப்பிட 50 ஹெர்ட்ஸில் மேலும் கீழும் ஆடுகிறது. வழக்கமாக லைன் வோல்டேஜில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்கு ஆடும். கெபாசிட்டர் மேல் ஏசி வந்தால் கரண்ட் போகத்தான் செய்யும். கிலோவாட்டுக்கு 100 நானோ ஃபாரட் என்று வைத்து உங்கள் வீட்டுக்குக் கணக்குப் போடுவோம்:

```
C = 5 × 100 nF = 500 nF
I = 2π × 50 × 500×10⁻⁹ × 115 ≈ 0.018 A
```

18 மில்லி ஆம்பியர். இது பழுதினால் வருவதல்ல, அமைப்போடு கூடப் பிறந்தது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சரியாக 30-இல்தான் விழும் என்று நினைக்க வேண்டாம். 15-க்கும் 30-க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் விழலாம். கண்ணாடி நனைந்தால் அந்தத் தண்ணீர்ப் படலமும் ஃப்ரேமோடு சேர்ந்து கெபாசிட்டரின் தகடாகிவிடும், கசிவு கூடும். அதே ஆர்சிசிபியில் வாஷிங் மெஷினும் கம்ப்யூட்டரும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் கசியவிட்டால் சொல்லவே வேண்டாம்.

இன்வெர்ட்டரை வீட்டு ஆர்சிசிபிக்குப் பின்னால் இணைத்ததுதான் தவறு. அதற்குத் தனி லைன் கொடுத்து, தயாரிப்பாளர் கையேட்டில் சொல்லும் வகையில் 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வையுங்கள். வகையையும் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததில் பழுது வந்தால் சீரான டிசி கரண்ட் கசியலாம். அப்போது ஏசி வகை ஆர்சிசிபி குருடாகிவிடும். ஏ வகை போதும் என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய பி வகைதான் வேண்டும்.

அப்படியானால் ஆளுக்குப் பாதுகாப்பு? 300 மில்லி ஆம்பியர் என்றால் உயிர் போய்விடாதா?

நல்ல கேள்வி. இன்வெர்ட்டருக்குள்ளேயே கசிவைக் கவனிக்கும் ஒரு சர்க்யூட் இருக்கிறது. ஐஈசி 62109-2 தரப்படி, 30 கேவிஏ வரையுள்ளவற்றில் நிலையான கசிவு 300 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது. ஆனால் கசிவு சட்டென்று 30 மில்லி ஆம்பியர் எகிறினால் 0.3 வினாடிக்குள் இன்வெர்ட்டர் லைனிலிருந்து விலக வேண்டும். மழையில் கசிவு மெல்ல ஏறும். ஆள் தொட்டால் திடீரென்று குதிக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கிற யோசனை இது. வெறும் ஆர்சிசிபிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பேனல் துடைக்கும்போது ஃப்ரேமில் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. டெஸ்டரும் எரிகிறது.

துடைப்பதை உடனே நிறுத்துங்கள். உங்கள் ஃப்ரேமுக்கு எர்த் இல்லை. மேலே பார்த்த அதே 18 மில்லி ஆம்பியர், எர்த் கம்பி வழியாகப் போக வழியில்லாமல் உங்கள் உடம்பு வழியாகப் போகப் பார்க்கிறது. 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். உதறி விலகினாலும் நிற்பது மாடி விளிம்பில். மேலே சொன்ன 30 மில்லி ஆம்பியர் குதிப்பை எட்டாததால் இன்வெர்ட்டரும் இதைக் கண்டுகொள்ளாமல் போகலாம்.

நான் பார்த்த ஒரு வீட்டில் எர்த் கம்பி அழகாகக் கட்டியிருந்தது, ஆனால் ஃப்ரேமின் அனோடைஸ் பூச்சின் மேலேயே போல்ட் போட்டிருந்தார்கள். அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. பல் வைத்த வாஷர் போட்டு அதைக் கீறி இறக்கிய பிறகுதான் ஷாக் நின்றது. முதலில் ஏசியையும் பிறகு டிசி ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, ஃப்ரேமிலிருந்து எர்த் குழி வரை தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள்.

டிசி எர்த் என்று தனிக் குழி போடச் சொல்கிறார்கள். பேனலின் நெகட்டிவ் கம்பியை அதில் கட்ட வேண்டுமா?

வேண்டவே வேண்டாம்! அந்தப் பெயர்தான் ஆளைக் குழப்புகிறது. டிசி எர்த் என்பது பேனல் ஃப்ரேம், ஸ்டாண்டு, டிசி பெட்டியில் மின்னல் போன்ற திடீர் வோல்டேஜ் எழுச்சியை மண்ணுக்கு இறக்கும் எஸ்பிடி ஆகியவற்றுக்கான எர்த். கரண்ட் ஓடும் கம்பிக்கானது அல்ல.

தெரு டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் ஏற்கெனவே எர்த் ஆகியிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்வெர்ட்டரின் ஸ்விட்சுகள் நெகட்டிவை ஒவ்வொரு சைக்கிளிலும் ஒரு கட்டத்தில் பேஸோடு இணைக்கும். அந்த நெகட்டிவை நீங்கள் எர்த்தில் கட்டினால் 230 வோல்ட் பேஸ் நேராக மண்ணுக்குப் போகும். நல்ல இன்வெர்ட்டர் தொடங்கும் முன்பே சோதித்து ஓட மறுக்கும். இல்லாவிட்டால் உள்ளே ஏதாவது வெடிக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதில் கதை வேறு. இரண்டு பக்கத்துக்கும் நடுவே கம்பித் தொடர்பே இல்லை, காந்தப் புலம் மட்டும்தான். அதனால் ஒரு முனையை எர்த் செய்தாலும் கரண்ட் திரும்பி வர வழி கிடையாது. சில மெல்லிய படல பேனல்களில் கண்ணாடியின் கடத்தும் பூச்சு அரிக்காமல் இருக்க நெகட்டிவை எர்த் செய்யச் சொல்வார்கள். அதற்கு டிரான்ஸ்ஃபார்மர் வகைதான் சரிப்படும். ஃப்ரேம் எர்த் மட்டும் இரண்டு வகைக்கும் கட்டாயம். டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் எர்த் வேண்டாம் என்று சொல்லும் எலக்ட்ரீஷியனை அனுப்பிவிடுங்கள்.

ஒரு முனையை எர்த் செய்வதிலும் ஆபத்து உண்டு. எர்த் செய்த அதே கம்பியில் காப்பு உரிந்தால் கசிவு மிகச் சிறியதாக இருக்கும், பாதுகாப்பு ஃபியூஸ் கவனிக்காது. பிறகு மறுமுனையில் இன்னொரு பழுது வந்தால் பெரிய கரண்ட் பாயும். 2009-இல் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு கூரை இப்படித்தான் தீப்பிடித்தது.

மழைக்கு மறுநாள் காலையில் `Isolation Fault`. பதினோரு மணிக்கு மேல் தானாக ஓடுகிறது. விட்டுவிடலாமா?

இது கெபாசிட்டர் கசிவு அல்ல. இன்வெர்ட்டர் தினமும் தொடங்கும் முன் பேனல் கம்பிகளுக்கும் எர்த்துக்கும் நடுவே காப்பு எதிர்ப்பை அளக்கிறது. குறைந்தால் ஓடாது. எங்கோ கனெக்டரில் தண்ணீர், அல்லது கிளாம்புக்கடியில் நசுங்கிய கம்பி. காய்ந்ததும் மறைகிறது, அடுத்த மழைக்கு வரும்.

பழுது இருக்கும் நேரத்திலேயே தேடுங்கள். தெரிந்த ஆள், 1000 வோல்ட் தாங்கும் மீட்டரோடு, ஏசியையும் டிசி ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, பாசிட்டிவிலிருந்து எர்த்துக்கும் நெகட்டிவிலிருந்து எர்த்துக்கும் தனித்தனியே அளக்க வேண்டும். நல்ல பேனல் வரிசையில் இரண்டு அளவும் நிலையில்லாமல் சரிந்துகொண்டே போகும். 10 பேனல், ஒவ்வொன்றும் 40 வோல்ட் என்றால் மொத்தம் 400. பாசிட்டிவ் பக்கம் 120-உம் நெகட்டிவ் பக்கம் 280-உம் நிலையாக நின்றால், 120 என்பது மூன்று பேனல். பாசிட்டிவ் முனையிலிருந்து மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே உள்ள கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பச்சைக் களிம்பு இருந்தால் துடைத்து மாட்டாதீர்கள், இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி கனெக்டராகப் புதிதாகப் போடுங்கள்.