ஊரில் இருந்த நாளுக்கும் மெஸ் பில்லா?

கேள்வி: ஊட்டியில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். மஞ்சள் காமாலை வந்ததால் ஜூலை 7 காலை டிபன் முடித்து கூடலூரில் வீட்டுக்குப் போனேன். 29 இரவுச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பினேன். ஆனால் நாளுக்கு 120 ரூபாய் என்று 31 நாளுக்கும் போட்டு 3,720, நிர்வாகக் கட்டணம் 700, ஆக 4,420 ரூபாய் கேட்கிறார்கள். 'சாப்பிடாத சோற்றுக்கு ஒரு பைசாவும் தர மாட்டேன்' என்று வார்டனுக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?
– கல்லூரி மாணவி, ஊட்டி

பதில்: கொடுக்காதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. அந்த ஒரு வரி அதைக் கெடுத்துவிடும்.

நிர்வாகக் கட்டணம் 700ஐத் தொடாதீர்கள். சமையல்காரர் சம்பளம் போன்ற செலவுகள் அதில் வரும். நீங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை ஓடும். 7ஆம் தேதியையும் 29ஆம் தேதியையும் விட்டுவிடுங்கள். ஒரு வேளை சாப்பிட்டாலும் பொதுவாக முழு நாள் கணக்குதான். மிச்சம் 8 முதல் 28 வரை 21 நாள், 2,520 ரூபாய். நீங்கள் கேட்க வேண்டியது இதை மட்டும்தான்.

விடுப்புக் கடிதத்தை யாரிடம் கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கு நிற்பதும் விழுவதும் அதில்தான். பல பேர் துறையில் கொடுத்துவிட்டு விடுதிக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மெஸ்ஸில் அரிசி போடுவது விடுதிக் கணக்கில் உள்ள தலைகளை வைத்து. சொல்லாமல் போனால் உங்கள் பங்கும் உலையில் ஏறியிருக்கும். அப்படியானால் முதல் சில நாட்களுக்குக் கழிவு கிடைக்காமல் போகலாம். வார்டனிடம் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தேதியைக் குறிப்பிடுங்கள். கேட்டில் கையெழுத்துப் போட்ட பதிவேட்டின் தேதிகளையும், டாக்டர் சான்றிதழின் நகலையும் சேருங்கள். விடுதி விதியில் 'மெஸ் கட்' பகுதியையும் பாருங்கள். குறைந்தது எத்தனை நாள் தொடர்ந்து இல்லாமல் இருக்க வேண்டும், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

'மாசக் கணக்கை முடித்தாச்சு, இனி ஒன்றும் செய்ய முடியாது' என்று பதில் வரலாம். உங்களுடையது டிவைடிங் முறை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மாதச் செலவு மொத்தத்தையும், எல்லோரும் சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்துத்தான் அந்த 120 வருகிறது. 150 பேர் 31 நாள் என்று வைத்தால் 4,650 நாள், செலவு 5,58,000 ரூபாய். உங்கள் 21 நாளை எடுத்தால் 4,629 நாள். நாள் கட்டணம் 120 ரூபாய் 54 காசு ஆகும். அதாவது மற்றவர்களுக்கு மாதத்துக்கு ஏறக்குறைய 17 ரூபாய் கூடும். இதை மறைக்காதீர்கள். வார்டன் தயங்குவது பெரும்பாலும் இதற்காகத்தான். ஆகவே பழைய கணக்கைத் திறக்கச் சொல்லாமல், '2,520 ரூபாயை அடுத்த மாத பில்லில் கழித்துக்கொள்ள வேண்டுகிறேன்' என்று கேளுங்கள்.

முடிவு வரும்வரை பில்லை அப்படியே நிறுத்தி வைக்காதீர்கள், அபராதம் ஏறும். மறுப்பில்லாத 1,900 ரூபாயை மட்டும் கடைசித் தேதிக்குள் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். மாட்டோம் என்றால், 'ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்' என்று எழுதிக் கொடுத்து முழுத்தொகையையும் கட்டுங்கள். கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.